கடனட்டை நிலுவையும் சங்கக் கடனும்: எதை முதலில் அடைப்பது, இரண்டையும் ஒன்றாக்கலாமா?

உப்புவெளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கூரை மாற்றியதிலும் மகளின் படிப்புச் செலவிலும் சேர்ந்த கடன் இது. கடனட்டையில் 210,000 ரூபாய் நிலுவை இருக்கிறது; ஆண்டு வட்டி 26 வீதம். கூட்டுறவுச் சங்கத்தில் 60,000 ரூபாய் மீதி. குறைந்து செல்லும் மீதிக்கு 14 வீதம், மாதத் தவணை 3,000 ரூபாய். வீட்டுச் செலவு போக இவ்விரண்டுக்கும் மாதம் 25,000 ரூபாய் ஒதுக்க என்னால் முடியும்.

சிறிய கடனை முதலில் முடித்துவிட்டால் ஒரு கணக்கு மூடப்படும் என்று தங்கை சொல்கிறாள். வட்டி கூடியதை முதலில் அடைப்பதுதான் முறை என்று கணவர் சொல்கிறார். இதற்கிடையே நகரத்தில் உள்ள ஒரு நிதி நிறுவனம் இரண்டையும் ஒன்றாக்கி, 270,000 ரூபாயை 14 வீதத்தில் 4 ஆண்டுகளுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. தவணை 8,775 ரூபாய் மட்டுமே. வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்திட வரச் சொல்லியிருப்பதால், அதற்கு முன் தெளிவு பெற விரும்புகிறேன்.

கந்தளாய்க் கடைக்காரர்

ரீச்சர், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 26 வீதத்தை விட 14 வீதம் குறைவு. 25,000 கட்டும் இடத்தில் 8,775 கட்டினால் மூச்சு விடலாம். ஒன்றாக்க விருப்பமில்லை என்றால் தங்கை சொல்வதுபோலச் சிறியதை முதலில் முடியுங்கள். கடைக்குச் சரக்கெடுத்த நான்கு கடன்களை நான் அப்படித்தான் ஒவ்வொன்றாக முடித்தேன். ஒன்று முடிந்த கையோடு அதன் தவணையை அடுத்ததில் சேர்த்துக் கட்டியதால்தான் அது முடிந்தது.

உவர்மலைக் கணக்காளர்

கடைக்கார அண்ணாவின் கடைசி வரி மிகச் சரியானது. முடிந்த கடனின் தவணை வீட்டுச் செலவில் கரைந்துவிட்டால் எந்த முறையும் பலன் தராது. ஆனால் அந்த 14 வீதம் என்ற சொல்லை நம்பிக் கையெழுத்திட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

8,775 ஐ 48 ஆல் பெருக்குங்கள்: 421,200 ரூபாய். அதாவது 270,000 வாங்கி 151,200 வட்டி கட்டுகிறீர்கள். இது நிலையான வட்டி. நீங்கள் பாதிக்கு மேல் முதலைத் திருப்பிக் கொடுத்த பின்னும் முழு 270,000 க்கே வட்டி எடுக்கப்படும். குறைந்து செல்லும் மீதிக்குரிய வட்டியாக மாற்றிப் பார்த்தால் அது ஏறத்தாழ 24 வீதம். சங்கத்தில் நீங்கள் கட்டும் 14 வேறு, இந்த 14 வேறு. ஆகவே மலிவான சங்கக் கடனையும் சேர்த்துக் கடனட்டையின் விலைக்கு அருகே கொண்டுபோகிறீர்கள். தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி வட்டிக்குரிய நிரலைப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை இருந்தால் அது நிலையான வட்டி. மாதத்துக்கு மாதம் குறைந்தால் மற்றது.

இனி வரிசையைப் பார்ப்போம். மாதம் 25,000 ரூபாயை விடாமல் கட்டுவதாகவும், கடனட்டையில் இனி எதையும் வாங்குவதில்லை என்றும் வைத்துக் கணக்கிட்டேன். வட்டி கூடியதை முதலில் என்றால், சங்கத்துக்கு 3,000, அட்டைக்கு 22,000. அட்டை 11 ஆவது மாதத்தில் முடியும். மொத்த வட்டி ஏறத்தாழ 34,400 ரூபாய். சிறியதை முதலில் என்றால், அட்டைக்கு இப்போதைய குறைந்தபட்சக் கொடுப்பனவான 10,500 மட்டும் கட்டி மீதி 14,500 ஐச் சங்கத்துக்குக் கட்டுவீர்கள். சங்கக் கடன் 5 ஆவது மாதத்தில் முடியும். மொத்த வட்டி ஏறத்தாழ 38,900 ரூபாய். இரண்டு வழியிலும் எல்லாக் கடனும் 13 ஆவது மாதத்திலேயே தீர்கிறது. வித்தியாசம் 4,500 ரூபாய். முன்கூட்டியே கட்டுவதற்குச் சங்கம் ஏதும் அறவிட்டால் அந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

கணவர் சொல்வதே கணக்கில் சரி. ஆயினும் முதல் 5 மாதத்தில் ஒரு கடன் மூடப்படாவிட்டால் மனம் தளர்ந்து கட்டுவதை நிறுத்திவிடுவேன் என்று உங்களுக்குத் தோன்றினால், 4,500 ரூபாய் அதற்குக் கொடுக்கும் விலை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த விலையை ஏற்பதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

நிலாவெளியிலிருந்து

என் நிலையையும் பாருங்கள் ஐயா. எனக்குக் கடற்றொழில். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் வருமானம் இல்லை. மனைவியின் சங்கிலி ஒரு இலட்சத்துக்கு அடகில் இருக்கிறது. அட்டையிலும் கொஞ்சம் உண்டு. சங்கிலிதான் பெரிய தொகை, வட்டியும் அட்டையை விடக் குறைவு. அப்படியென்றால் இரண்டு முறையிலும் அது கடைசிக்கா போகும்?

உவர்மலைக் கணக்காளர்

தம்பி, அடகு இந்த வரிசைக்குள் வராது. அதற்குத் தவணை முடியும் திகதி உண்டு. அது தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். அடகுச் சீட்டில் உள்ள திகதியைப் பார்த்து, அதற்குள் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். அதன் பிறகுதான் வட்டியா தொகையா என்ற கேள்வி வரும்.

கந்தளாய்க் கடைக்காரர்

கணக்காளர் ஐயா, ஒன்று கேட்கிறேன். சங்கக் கடன் முடிந்தால் மாதம் 3,000 ரூபாய் கட்டாயம் இல்லாமல் போகும். திடீர்ச் செலவு வந்தால் அது உதவாதா?

உவர்மலைக் கணக்காளர்

நியாயமான கேள்வி. ஆனால் சங்கத் தவணை கடைசி ரூபாய் கட்டும் வரை 3,000 தான். கடனட்டையின் குறைந்தபட்சக் கொடுப்பனவோ நிலுவை குறையக் குறையத் தானும் குறையும். ரீச்சரின் அட்டையில் அது நிலுவையின் 5 வீதம் என்று வைத்தால், 5 மாதம் கழித்து அட்டை முதலில் என்ற வழியில் கட்டாயமாகக் கட்ட வேண்டியது இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 8,900 ரூபாய்; சிறியது முதலில் என்ற வழியில் ஏறத்தாழ 8,400 ரூபாய். கையில் கிடைக்கும் இளைப்பாறல் நினைத்ததை விடச் சிறியது. கடன்களின் எண்ணிக்கை கூடுதலாகவும் ஒவ்வொன்றும் சிறியதாகவும் இருந்தால், உங்கள் கடையில் நடந்ததுபோல, இந்த விடை மாறலாம்.

உப்புவெளி ஆசிரியை

இன்று பாடசாலை முடிந்ததும் அந்த நிறுவனத்துக்குப் போய் அட்டவணையைக் கேட்டேன். முதலில் தயங்கினார்கள், பிறகு அச்சிட்டுத் தந்தார்கள். வட்டி நிரலில் மேலிருந்து கீழ்வரை 48 வரியிலும் 3,150 என்ற ஒரே எண். அதை மேசையில் விரித்து வைத்துக் கணவரும் நானும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கையெழுத்திடப் போவதில்லை.

கடனட்டையில் ஸ்கூட்டருக்குப் பெற்றோல் அடித்து வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் கட்டினால் வட்டி இல்லை என்று நம்பியிருந்தேன்.

உவர்மலைக் கணக்காளர்

அந்தச் சலுகை, முழு நிலுவையையும் உரிய திகதியில் கட்டுவோருக்கு உரியது. பழைய நிலுவை தொடரும் வரை புதிதாக வாங்கும் பெற்றோலுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். அட்டையை வீட்டிலே வைத்துவிட்டுப் போங்கள்.

ஒன்றாக்கும் எண்ணத்தை முற்றாக விட வேண்டியதில்லை. உங்கள் சம்பளம் வரவு வைக்கப்படும் வங்கியில், குறைந்து செல்லும் மீதிக்கு 15 வீதத்தில், 12 மாதத்துக்கு 270,000 கேட்டுப் பாருங்கள். தவணை ஏறத்தாழ 24,370 ரூபாய், மொத்த வட்டி ஏறத்தாழ 22,400 ரூபாய் வரும். தனித்தனியாகக் கட்டுவதை விட 12,000 ரூபாய் மிச்சம். ஆவணக் கட்டணம் அதிலிருந்து எவ்வளவு தின்னும் என்பதைக் கேட்டறியுங்கள். தவணையைக் குறைக்கக் காலத்தை நீட்டித் தருகிறோம் என்று சொன்னால், அந்த மிச்சம் கரைந்துவிடும்.

உப்புவெளி ஆசிரியை

திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன். அதுவரை இந்த மாதத்து 22,000 ஐ அட்டைக்குக் கட்டிவிட்டேன். முன்கூட்டியே முடித்தால் வட்டி எப்படி அறவிடப்படும் என்பதைச் சங்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.