ஒரே வாக்கியம், இருவேறு பொருள்: மேலாளர் சி.சி.யில் சேர்ந்தபோது

செல்வி, இராயபுரம்:

மண்ணடியில் உள்ள ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். சென்ற மாதம் இறக்குமதிக் கண்டெய்னர் ஒன்றுக்குச் சுங்கத்தில் ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ என்னும் விடுவிப்பு அனுமதி கிடைத்த பின்பும், சரக்கை எடுக்கத் தேவையான டெலிவரி ஆர்டர் கப்பல் முகவரிடமிருந்து வரவில்லை. கட்டணப் பட்டியலில் இருந்த ஒரு பிழையைத் திருத்தித் தருமாறு திங்களன்று அங்குள்ள ஆவணப் பிரிவுத் தம்பிக்கு மின்மடல் எழுதினேன். புதனன்று, “கீழ்க்கண்ட மடலுக்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்” என்று ஒரே வரி அனுப்பியதற்கு, “இன்று முடித்துவிடுகிறேன், அக்கா” என்று பதில் வந்தது. வியாழனன்று அதே வரியை, ஒரு சொல்லும் மாற்றாமல், எங்கள் மேலாளரை சி.சி.யில் சேர்த்து அனுப்பினேன். சனிக்கிழமையோடு கண்டெய்னரை வாடகையின்றி வைத்திருக்கும் இலவச நாட்கள் முடிகின்றன என்ற பதற்றமே காரணம். வேறு எண்ணம் எனக்கில்லை.

இம்முறை வந்த பதிலில் ‘அக்கா’ இல்லை, ‘மேடம்’ இருந்தது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, யாருக்கு அவர் கோரிக்கையை அனுப்பினார் என்று 11 வரிகள் இருந்தன, சி.சி.யில் அவருடைய மேலாளரும் இருந்தார். அன்று மாலையே டெலிவரி ஆர்டர் வந்துவிட்டது. ஆனால், அதுவரை சரக்குப் பட்டியலில் எடை தவறாக இருந்தால்கூட உடனே தொலைபேசியில் சொல்லிவிடும் அந்தத் தம்பி, அடுத்த சரக்கில் அதே போன்ற பிழையை மாலை 6.40க்கு ஒரு மடலாக அனுப்பிவைத்தார். நான் மறுநாள் காலையில்தான் பார்த்தேன். ஒரு நாள் போயிற்று.

வரதராசன், பழைய வண்ணாரப்பேட்டை:

அரசு அலுவலகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். எங்கள் கடிதங்களின் அடியில் ‘நகல்’ என்று எழுதி மேலதிகாரிகளின் பதவிகளை வரிசையாகக் குறிப்பிடுவோம். அதற்காக ஒருவரும் முகம் சுளித்ததில்லை. தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள் வைத்து எடுத்த படிதானே இந்த சி.சி.யும்? தவறில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?

நசீமா, திருவொற்றியூர்:

ஐயா சொல்வது முதல் கடிதத்திலிருந்தே நகல் போகும் இடத்துக்குப் பொருந்தும். எங்கள் ஆவணப் பிரிவிலும் ஒவ்வொரு சரக்கு மடலிலும் இரு தரப்பு மேலாளர்களும் தொடக்கத்திலிருந்தே இருப்பார்கள். அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. இருவர் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் மடல் தொடரின் நடுவில் மூன்றாவது பெயர் ஒன்று நுழையும்போதுதான் படிப்பவர் ‘ஏன் இப்போது?’ என்று கேட்டுக்கொள்கிறார். மடலில் காரணம் எழுதப்படவில்லை என்றால் காரணத்தை அவரே எழுதிக்கொள்வார். பெரும்பாலும் அது ‘என்னைப் போட்டுக்கொடுக்கிறார்கள்’ என்பதாகவே இருக்கும். அதன்பின் அவர் எழுதும் பதில் பெயரளவில்தான் உங்களுக்கு. உண்மையில் அது உங்கள் மேலாளரிடம் தரும் வாக்குமூலம். தேதியும் நேரமும் அடுக்கப்படுவதும், எதிர்த்தரப்பு மேலாளர் சி.சி.யில் சேர்வதும் அதன் அடையாளங்கள்.

2017-இல் டேவிட் டி கிரெமர் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: உடன் பணிபுரிபவர் மேலாளரை அடிக்கடி சி.சி.யில் சேர்க்கச் சேர்க்க, தம்மீது நம்பிக்கை இல்லை என்றே பெறுபவர் உணர்ந்தாராம். பெறும் இடத்தில் அமர்ந்திருக்கும் எனக்கு அதில் வியப்பில்லை.

நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான். மேலாளரைச் சேர்க்க வேண்டியிருந்தால், முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மடலின் முதல் வரியிலேயே, “சனிக்கிழமைக்குப் பிறகு வாடகை ஏறினால் அதற்கு ஒப்புதல் தர வேண்டியவர் என்பதால் எங்கள் மேலாளரையும் இணைத்துள்ளேன்” என்று எழுதிவிடுவேன். அப்படி எழுத ஒரு காரணமும் அகப்படவில்லை என்றால், அன்று சேர்ப்பதில்லை.

பிரபு, எண்ணூர்:

இதற்குத்தான் பி.சி.சி. இருக்கிறதே என்று நானும் நினைத்திருந்தேன். வாடகை லாரி தாமதம் குறித்து எழுதிய மடலில் மேலாளரை மறைவாகச் சேர்த்தேன். அவரோ அதைக் கவனியாமல் ‘ரிப்ளை ஆல்’ அழுத்தி, “இவரிடம் இனிக் கண்டிப்பாகப் பேசுங்கள்” என்று எழுதிவிட்டார். லாரி உரிமையாளர் இன்றுவரை என்னிடம் நேராகப் பேசுவதில்லை.

செல்வி, இராயபுரம்:

பிரபு சாருக்கு நேர்ந்தது என் கதையை விடக் கொடுமை. நசீமா அக்கா சொன்ன வரியை நான் எழுதியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், மேலாளரின் பெயர் இல்லாமல் அந்த டெலிவரி ஆர்டர் வியாழனன்றே வந்திருக்குமா என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. “வந்திராது” என்கிறார் எங்கள் மேலாளர்.

இந்த வாரம் அந்தத் தம்பிக்கு மட்டும் ஒரு மடல் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பணிவான பதில் வந்தது, சி.சி.யில் அவருடைய மேலாளர் இன்னும் இருக்கிறார்.