நேவி ப்ளூ டீ-சர்ட்டுக்கு மட்டும் ஐஓயூ 0.05 வருது, வெள்ளைக்கு 0.97. ஏன்?

அவிநாசி_ரோடு
வணக்கமுங்க. பையருக்கு அனுப்புற பனியன் படங்கள்ல பின்புலத்தை எடுக்க ஆட்டோமேட்டிக் கட்டிங் போட்டுருக்கோம். அது சரியா வெட்டுதான்னு பார்க்க, கையால வரைஞ்ச மாஸ்க்கோட ஒப்பிட்டு ஐஓயூ எடுக்கறேன். வெள்ளைக்கு 0.97. நேவிக்கு 0.05. ஆனா கண்ணுல பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி சுத்தமா வெட்டியிருக்குது. அவசரமுங்க, சாயந்தரம் ரிப்போர்ட் தரணும்.

நொய்யல்_கரை
கோடு எங்கீங்க? படம் என்ன சைஸ்? மாஸ்க் என்ன ஃபார்மேட்? இதெல்லாம் இல்லாம ஜோசியம்தான் சொல்லலாம்.

பெருந்துறை_பிக்சல்
இது சந்தேகமே இல்லாம போன்ல எடுத்த படத்தோட சுழற்சிப் பிரச்சனைதானுங்க. `cv2.imread` தானா திருப்பிக்கும், பில்லோ திருப்பாது. ஒரு மாஸ்க் நேரா, ஒண்ணு படுத்துட்டு இருக்கும். `ImageOps.exif_transpose` போடுங்க.

மஞ்சள்_மண்டி
எனக்கும் இதே மாதிரிதாங்க, ஆனா உல்டா. ஒரே தட்டுல இருபது மஞ்சள் கிழங்கு. 0.93 வருது, ஆனா ஒட்டிக்கிட்டு இருக்கற கிழங்கையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து வெட்டுது. இதுக்கு என்ன பண்றதுங்ணா?

மூத்த_பயனர்
தம்பி, ஐஓயூன்னா என்னன்னு தெரிஞ்சுட்டு வந்து கேட்டா நல்லாருக்கும். வெட்டுப் பகுதியை சேர்ப்புப் பகுதியால வகுக்கறது, அவ்வளவுதான். எட்டாங்கிளாஸ் கணக்கு. மாஸ்க் தப்பா இருந்தா மதிப்பெண்ணும் தப்பா வரும்.

அவிநாசி_ரோடு
படம் 3000×4000. எர்ரர் ஒண்ணும் வரலீங்க. கோடு இதுதான்:

```python
auto = np.array(Image.open(p1).convert("L")) > 127
hand = np.array(Image.open(p2).convert("L")) > 127
iou = (auto & hand).sum() / (auto | hand).sum()
```

நொய்யல்_கரை
பெருந்துறையாரே, சுழற்சியா இருக்காதுங்க. ஒண்ணு 3000×4000, இன்னொண்ணு 4000×3000ன்னா `&` போடற இடத்துலயே நம்பை broadcast எர்ரர் கொடுத்து நின்னுருக்கும். தலைகீழாப் போயிருந்தாத்தான் சத்தமில்லாம ஓடும். அப்படீன்னா வெள்ளையும் அடிவாங்கணுமே.

அவிநாசியாரே, p1 கருப்பு வெள்ளை மாஸ்க்கா, இல்ல பின்புலம் போன பிஎன்ஜி படமா?

பெருந்துறை_பிக்சல்
சரி, அப்ப 127தான் ஜாஸ்தி. 10 வெச்சுப் பாருங்க.

அவிநாசி_ரோடு
பின்புலம் போன பிஎன்ஜிதானுங்க. 10 வெச்சேன், நேவி 0.94 வந்துருச்சு!! ரொம்ப நன்றிங்ணா. கருப்பு மட்டும் இன்னும் 0.6.

நொய்யல்_கரை
நிறுத்துங்க, அது சரியானது இல்லீங்க. நீங்க மாஸ்க்கை அளக்கவே இல்லை, துணி எவ்வளவு வெளுப்புன்னு அளக்கறீங்க.

வெட்டின பிஎன்ஜியில எது பனியன், எது பின்புலம்ங்கறது ஆல்ஃபாவுலதான் இருக்கு. `convert("L")` அந்த ஆல்ஃபாவைத் தூக்கிப்போட்டுட்டு நிறத்தைச் சாம்பலா மாத்திக் கொடுக்குது. உங்க டூல் வெட்டின இடத்துல நிறத்தையும் 0 ஆக்கியிருக்கணும். அதனால பின்புலம் 0, வெள்ளைத் துணி 127ஐத் தாண்டுது, எல்லாம் சரியா இருக்கற மாதிரி தெரியுது. நேவி, சும்மா (20, 25, 60)னு வெச்சுக்குவோம், சாம்பல்ல 27தான் வரும். 127க்குக் கீழ, முழு பனியனும் காணாமப் போயிருது.

அப்பறம் 0.05 எப்படி வந்துச்சுன்னா, நேவியில மார்ல வெள்ளை பிரிண்ட் இருக்குதுங்களா? பனியன் 40 லட்சம் பிக்சல், பிரிண்ட் 2 லட்சம்னா, வெட்டு 2, சேர்ப்பு 40, விடை 0.05. பிரிண்டை மட்டும் பனியன்னு நினைச்சுருக்கு.

10 வெச்சதும் 27 தாண்டிருச்சு, அதான் நேவி ஏறுச்சு. கருப்புல மடிப்பு நிழல் 10க்குக் கீழ, அங்கங்க ஓட்டை விழும். இப்படி எழுதுங்க:

```python
auto = np.array(Image.open(p1).convert("RGBA"))[:, :, 3] > 127
```

ஒரு எச்சரிக்கை. ஆல்ஃபா இல்லாத படத்தை இதுல கொடுத்தா ஆல்ஃபா முழுக்க 255ன்னு நிரப்பிக்கும். அப்ப ஃப்ரேம் பூராவுமே மாஸ்க். ஃப்ரேம் 1.2 கோடி, பனியன் 40 லட்சம், அதனால 0.33 வரும். நாலஞ்சு படத்துக்கு 0.33 பக்கமே வந்தா அதுதான் காரணம். முதல்ல `print(Image.open(p1).mode)` போட்டு `RGBA`ன்னு வருதான்னு பார்த்துக்குங்க. கையால வரைஞ்சதுக்கு `L` இருந்தாச் சரி.

இன்னொண்ணு, கை மாஸ்க்கை ஜேபெக்ல சேமிக்காதீங்க. ஓரத்துல நடுவாந்திர மதிப்பெல்லாம் வரும்.

மூத்த_பயனர்
இதுக்கெல்லாம் டைஸ் போட்டிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது. தொழில் பண்றவங்க எல்லாம் அதைத்தான் பார்க்கறாங்க.

நொய்யல்_கரை
வந்திருக்குமுங்க. டைஸ் D, ஐஓயூ J ன்னா D = 2J/(1+J). ஒரே விஷயத்தை வேற அளவுகோல்ல காட்டுது. மாஸ்க்கே தப்புன்னா 0.05க்குப் பதிலா 0.095ன்னு வந்துருக்கும். படத்துக்குப் படம் தரவரிசை மாறவே மாறாது.

மூத்த_பயனர்
ஒரு படத்துக்கு மாறாது. ஆனா நூறு படத்தோட சராசரி எடுத்தா ரெண்டு டூல்ல எது மேலங்கறது மாறலாம். அதைச் சொல்ல விட்டுட்டீங்க.

நொய்யல்_கரை
அது சரிதானுங்க. சராசரியில மாறலாம். மட்டமான படங்களை ஐஓயூ கொஞ்சம் கடுமையாத் தண்டிக்கும்.

பெருந்துறை_பிக்சல்
எதுவானா என்ன, 0.95 தாண்டினா பாஸ்னு வெச்சுக்கலாம்ல?

நொய்யல்_கரை
பனியனுக்கு வெக்காதீங்க. 2000×2000 சதுரமா நினைச்சுக்குங்க, 40 லட்சம் பிக்சல். சுத்தியும் 2 பிக்சல் உள்வாங்கி வெட்டினா 1996×1996, விடை 0.996. யாரு கண்ணுக்கும் தெரியாது. அதே பனியன்ல கை ஓரத்துல 200×100 அளவுக்கு ஒரு கடி போயிருச்சுன்னா 20,000 பிக்சல்தான், 0.995. கிட்டத்தட்ட அதே மதிப்பெண், ஆனா பையர் பார்த்ததும் திருப்பி அனுப்பிருவார். சின்னப் பொருள்ல நேர்மாறு. 40×40 லேபிள்ல சுத்தியும் 2 பிக்சல் உள்வாங்கினா 0.81க்கு இறங்கிரும், தப்பு ஒண்ணும் பெருசா இல்ல.

இதுக்குத்தான் 2021ல பவுண்டரி ஐஓயூன்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. ரெண்டு மாஸ்க்லயும் ஓரத்தை ஒட்டின பட்டையை மட்டும் எடுத்து அதுக்கு ஐஓயூ. ஆனா அதுல வழக்கமா வெக்கற பட்டை அகலம் படத்தோட மூலைவிட்டத்துல 2%. உங்க படத்துக்கு மூலைவிட்டம் 5000, அதனால 100 பிக்சல். பனியன் ஓரம் பார்க்க அது ரொம்ப அகலமுங்க, 10-15 வெச்சுப் பாருங்க.

மஞ்சள்_மண்டி
கிழங்குக்கு இது உதவுமுங்களா?

நொய்யல்_கரை
உங்களுது வேற கேசுங்க. தட்டு பூராவையும் ஒரே மாஸ்க்கா வெச்சா, ஒட்டினது பிரிஞ்சது எதுவும் தெரியாது. கிழங்கு ஒவ்வொண்ணுக்கும் தனி மாஸ்க் வரைஞ்சு, ஆட்டோ மாஸ்க்ல எது எதோட அதிகமாப் பொருந்துதுன்னு ஜோடி சேர்த்து, ஜோடிக்கொரு ஐஓயூ எடுக்கணும். ரெண்டு ஒட்டியிருந்தா ஒரு ஜோடிக்கு 0.5 பக்கம் வரும், இன்னொரு கிழங்குக்கு ஜோடியே கிடைக்காது. தனி இழை போடுங்க.

அவிநாசி_ரோடு
ஆல்ஃபா எடுத்தேனுங்க. நேவி 0.96, கருப்பு 0.95, வெள்ளை 0.97. காலர் வெச்ச பீஸ் மட்டும் 0.88. கழுத்துக்குள்ள தெரியற பின்பக்கத் துணியை எங்காளு ஒருத்தர் பனியன்னு வரையறார், இன்னொருத்தர் ஓட்டைன்னு விடறார். டெஸ்பாட்ச் இருக்குது, அப்பறம் வர்றேன்.

நொய்யல்_கரை
அது டூலோட தப்பு இல்லீங்க. ஒரே பத்துப் படத்தை ரெண்டு பேர்த்தையும் வரையச் சொல்லி, அவங்க ரெண்டு பேர் மாஸ்க்குக்கு நடுவுல ஐஓயூ எடுங்க. அது 0.90ன்னா, டூலை 0.95க்கு அதட்டறதுல அர்த்தமில்ல.

பெருந்துறை_பிக்சல்
பின்பக்கத் துணி பனியன்தானுங்களே, அதுல என்ன சந்தேகம்?

மூத்த_பயனர்
லேபிள் தெரியற மாதிரி எடுத்தா பனியன். இல்லாட்டி ஓட்டைதான்.

பெருந்துறை_பிக்சல்
எந்த பையர் அப்படிச் சொன்னார்?