உப்பைக் குறைத்தால் ஊறுகாயில் பூஞ்சை பிடிக்கிறது, அப்பாவுக்கு என்ன கொடுப்பது?

கவிதா, பகாவ்:
அப்பாவுக்கு 64 வயது, தோட்டத்தில் பால் வெட்டியவர். பிரஷர் 160/95. கிளினிக்கில் பெரிண்டோப்ரில் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். எலுமிச்சை ஊறுகாய் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அம்மா பாதி உப்பில் போட்டுப் பார்த்தார், ஒரு வாரத்துக்குள் மேலே வெள்ளையாகப் பூஞ்சை. காரமும் குறையக் கூடாதாம். வழி இருக்கிறதா?

முருகன்:
தங்கச்சி, முதலில் காரத்தை நிறுத்துங்கள். எனக்கு கேஸ்ட்ரிக், சம்பலை விட்ட பிறகுதான் வயிறு சரியானது.

சாந்தி:
சூப்பர்மார்க்கெட்டில் சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறது. அதை வழக்கமான அளவிலேயே போடலாமே?

ராஜம்மா, ஓய்வு பெற்ற தாதி:
முருகன் தம்பி, உங்களுடையது வயிற்றுச் சிக்கல். பிரஷருக்கு எதிரி உப்புதான், மிளகாய் இல்லை. அதனால் கவிதா, சிலி பாடியை அப்பா தாராளமாகச் சாப்பிடட்டும்.

சாந்தி சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது. அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பெரிண்டோப்ரிலும் உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது. சிறுநீரகமும் பலவீனமாக இருந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை அதைத் தொட வேண்டாம்.

பூஞ்சைக்குக் காரணம் எளிது. மாதக்கணக்கில் வெளியே வைக்கும் ஊறுகாயைக் காப்பதே உப்புதான். பாதியாகக் குறைத்தால் காவல் போய்விடும். மேலே வழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்காதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

இனி சின்னக் கிண்ணத்தில், மூன்று நாளைக்கு மட்டும் போடுங்கள். ஒரு மாங்காயைப் பொடியாக நறுக்கி, இரண்டு மூன்று சிலி பாடி, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, வறுத்த வெந்தயப் பொடியும் மிளகாய்த் தூளும் போட்டு மேலே ஊற்றுங்கள். உப்பு மூன்று நாளைக்கும் சேர்த்துக் கால் தேக்கரண்டி போதும், அதையும் சாப்பிடும்போதுதான் மேலே தூவுங்கள். மேலே நிற்கும் உப்பு நாக்கில் உடனே படும், குறைவாகத் தெரியாது. கிண்ணத்தைப் போட்டவுடனே ஐஸ்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

கால் தேக்கரண்டி உப்பில் சுமார் 500 மில்லிகிராம் சோடியம். மூன்று நாளைக்குப் பிரித்தால் நாளுக்கு 170தான். ஒரு நாள் முழுக்க எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்தே 2,000 தாண்டக் கூடாது. கடை ஊறுகாய் பாட்டிலைத் திருப்பி சோடியம் எவ்வளவு என்று பாருங்கள், வித்தியாசம் புரியும்.

சாந்தி:
மாத்திரை விஷயம் தெரியாது அக்கா, நல்லவேளை சொன்னீர்கள். கடை ஊறுகாயைக் கழுவிக் கொடுத்தால்?

ராஜம்மா:
மேலே இருப்பது போகும். உள்ளே ஊறிய உப்பு அப்படியே இருக்கும்.

கவிதா:
மாங்காய் போட்டோம் அக்கா. காரம் சரி, ஆனால் எலுமிச்சையின் அந்தக் கசப்பு இல்லை என்கிறார். பெலாச்சான் சம்பலும் கேட்கிறார்.

ராஜம்மா:
கசப்புக்கு லீமாவ் கஸ்தூரியைத் தோலோடு நறுக்கி, வினிகரில் வேகவைத்துப் பாருங்கள். பழைய ருசி அப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன். பெலாச்சானிலேயே நிறைய உப்பு. ஒரு சிட்டிகை சுட்டு, வேறு உப்பில்லாமல் அரைத்து, வாரம் ஒரு நாள் கொடுக்கலாம். அன்று கருவாடு வேண்டாம்.