பபிள் டெஸ்டில் ஓட்டை தெரிந்தது, ஆனால் அடைக்கவில்லை

மேலூர்க்காரன்:
அப்பாவுக்கு 63 வயது. போன தையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது, பேச்சும் குழறியது. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒரே ரத்தக்குழாய் அடைத்திருந்தால் இப்படி இரு பக்கமும் வராது, இதயத்திலிருந்து ரத்தக்கட்டி கிளம்பியிருக்கலாம் என்றார் நரம்பு டாக்டர். கழுத்துக் குழாய் சுத்தம். எக்கோ, இதயத் துடிப்பை 24 மணி நேரம் பதியும் ஹோல்டர் இரண்டும் நார்மல். அப்புறம் கை நரம்பில் நுரைத்த சலைன் போட்டு எக்கோவில் பார்க்கும் பபிள் டெஸ்ட். அப்பா முக்கி மூச்சை விட்டதும் இதயத்தின் இடப்பக்கம் ஏழெட்டுக் குமிழ்கள் வந்தன, அதாவது இதயத்தில் ஓட்டை. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ராஜபாளையம் கணேசன்:
ஹோல்டர் நார்மல் என்றால் ஏ.எஃப்., அதாவது இதயத்தில் ரத்தக்கட்டி உண்டாக்கும் தாறுமாறான துடிப்பு, இல்லை என்றுதானே அர்த்தம்? ஓட்டையை அடைத்துவிட வேண்டியதுதானே?

எக்கோ ரூம்:
கணேசன் சார், ஏ.எஃப். வந்து வந்து போகும். மாதத்தில் ஒரு ராத்திரி வருவதை ஒரு நாள் ஹோல்டர் எப்படிப் பிடிக்கும்? அந்த ஓட்டையும் நாலு பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே மூடாமல் இருப்பது. 35 வயதுக்காரர், பிரஷர், சர்க்கரை இல்லை என்றால் அதன்மேல் சந்தேகம் அதிகம். 63 வயதில் அது சும்மா இருக்கவும் வாய்ப்புண்டு.

சாந்தி:
நரம்பில் காற்றை ஏற்றுவது ஆபத்தில்லையா? என் மாமியாருக்குச் செய்யச் சொன்னார்கள், பயந்து வேண்டாம் என்றுவிட்டோம்.

எக்கோ ரூம்:
இல்லை அக்கா. 9 மில்லி சலைன், 1 மில்லி காற்று. இரண்டு சிரிஞ்சுக்கு நடுவே வேகமாகத் தள்ளித் தள்ளி நுரையாக்கிக் கையில் போடுவோம். வழக்கமாக அது நுரையீரலிலேயே வடிகட்டப்பட்டுவிடும். வலப்பக்கம் நிறைந்து மூன்று துடிப்புக்குள் இடப்பக்கம் வந்தால் இதய ஓட்டை. தாமதமாக வந்தால் நுரையீரலில் குறுக்குப் பாதை இருக்கலாம். எங்களுக்குத் தொல்லை என்னவென்றால், தொண்டை வழியாக எக்கோ எடுக்கும்போது மயக்க மருந்தில் இருப்பவர் சரியாக முக்க மாட்டார். ஓட்டை இருந்தும் தெரியாமல் போகும்.

மேலூர்க்காரன்:
எங்கள் டாக்டரும் அடைக்க வேண்டாம் என்றார். மார்பின் இடப்பக்கத் தோலுக்கடியில், மாதக்கணக்கில் இதயத் துடிப்பைக் கவனிக்கும் லூப் ரெக்கார்டர் வைத்தார்கள். சுண்டுவிரலைவிடச் சின்னதுதான். ஐந்தாம் மாதம் விடியற்காலை 3 மணிக்கு 40 நிமிட ஏ.எஃப். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், ஒன்றுமே தெரியவில்லையாம். ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரை கொடுத்தார்கள்.

ராஜபாளையம் கணேசன்:
அப்போ அந்த மாத்திரையை முதல் நாளே கொடுத்திருக்கலாமே?

எக்கோ ரூம்:
ஏ.எஃப். பிடிபடாதவர்களுக்கு அப்படிக் கொடுத்து இரண்டு பெரிய ஆய்வு நடத்தினார்கள். ஆஸ்பிரினைவிட ஸ்ட்ரோக் குறையவில்லை. ஒன்றில் ரத்தக்கசிவுதான் கூடியது.

மேலூர்க்காரன்:
ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஐந்து மாதம் கழித்து வந்த 40 நிமிடம்தான் அன்றைக்குக் கட்டியை அனுப்பியதா? டாக்டரிடம் கேட்டேன். “இருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.