புதுப்பிப்பு: 6 மாத நினைவூட்டல் வந்துவிட்டது

என் பழைய கேள்வி: "கணக்கு மென்பொருளை மாற்ற முடிவெடுத்தோம். அது சரியா என்று திரும்பிப் பார்க்க நினைவூட்டல் எப்போது, எப்படி வைப்பது?"

நேற்று அது ஒலித்தது. முடிவெடுத்த அன்று எழுதிவைத்த குறிப்பைத் திறக்கும் முன், அன்று என்ன எதிர்பார்த்தோம் என்பதை நினைவிலிருந்து எழுதச் சொல்லி இங்கே பதிலளித்திருந்தார் ஒருவர். அவருக்கு நன்றி. "மாதக் கணக்கை முடிக்க 4 நாள்" என்று எழுதினேன். குறிப்பில் இருந்ததோ "6 நாள் 3 நாளாகக் குறையும், 80% நம்பிக்கை". உண்மையில் 4 நாள்தான் ஆகிறது. நடந்ததைப் பார்த்து என் நினைவு தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது! குறிப்பு இல்லையென்றால் சரியாகக் கணித்ததாகவே நம்பியிருப்பேன்.

இன்னொன்று. குறைந்த 2 நாளில் ஒரு நாள், கிளைகள் ரசீதுகளை முன்கூட்டியே அனுப்புவதால் வந்தது. மென்பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "ஏன் குறையும்" என்ற வரியையும் அன்றே எழுதியிருந்ததால்தான் இது பிடிபட்டது.

3 மாதத்தில் நினைவூட்டல் வைத்தால் போதும் என்று பதிலளித்தவர் சொன்னது பாதி சரி. பழகும் சிரமம் அப்போது தெரிந்தது, பலன் தெரியவில்லை. நினைவூட்டல் ஒலிக்கவே இல்லை என்று வருந்திய நண்பரே, உங்களுடையது கைபேசி அமைப்புப் பிரச்சினை, அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஒரு கணிப்பு தவறியதால் என் 80% தவறு என்றாகாது. அதற்கு இப்படிப் பல குறிப்புகள் சேர வேண்டும். மென்பொருளைத் தொடர்வதா என்பதில் குழுவுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.