'அட் நைட்' ஏன்? ஆங்கிலம் சொல்லித் தருபவர்கள் உதவுங்களேன்

வணக்கம். பெரம்பூரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் எடுக்கிறேன். மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதம், வருடம் போன்ற நீண்ட காலத்துக்கு 'இன்'. இது அவர்களுக்கு நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

'இன் தி மார்னிங்', ஆனால் 'ஆன் மண்டே மார்னிங்'. காலைப்பொழுது குறிப்பிட்ட ஒரு நாளோடு சேர்ந்ததும் அந்த நாளுக்குரிய 'ஆன்' வந்துவிடுகிறது என்றேன், ஏற்றுக்கொண்டார்கள். பொங்கலை வைத்தும் பார்த்தோம்: பண்டிகைச் சமயம் என்றால் 'அட் பொங்கல்', அந்த ஒரு நாள் மட்டும் என்றால் 'ஆன் பொங்கல் டே'.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "அப்படின்னா ஏன் மிஸ் 'அட் நைட்'? ராத்திரி காலையை விட நீளமாச்சே!"

அருமையான கேள்வி. நீளத்தைவிட, பேசுபவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பொதுவாக இரவு நேரம் என்றால் 'அட் நைட்'. இரவுக்குள் நடுவில் விழிப்பு வந்தது என்றால் 'ஐ வோக் அப் இன் தி நைட்'. ஆனால் அதே பார்வை காலைக்கு ஏன் பொருந்தவில்லை? அங்கேதான் நிற்கிறேன்.

இதைப் பிள்ளைகளுக்கு நீங்கள் எப்படி விளக்குகிறீர்கள்? வார இறுதிக்கு பிரிட்டிஷ் வழக்கில் 'அட்', அமெரிக்க வழக்கில் 'ஆன்'. நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித் தருகிறீர்கள்? வியாழக்கிழமை வகுப்புக்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.