அட்வான்ஸ் திரும்பக் கேட்டு ஒரு கடிதம்: எங்க குடும்பக் குழுவில் ஓடிய உரையாடல்

வித்யா: அத்தை, வீட்டு ஓனர் அட்வான்ஸ் பாக்கிய இன்னும் தரல. "புது ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்ததும் தரேன்"னே சொல்றார். கடிதம் எழுதலாம்னு இருக்கேன், என்னென்ன போடணும்?

முரளி சித்தப்பா: 3 மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கறதே சட்டவிரோதம். அத முதல் வரியா போடு, பயந்துடுவார்.

சுந்தரி அத்தை: பாதி சரி முரளி. தமிழ்நாட்டு 2017 வாடகைச் சட்டத்துல 3 மாசம்னு இருக்கு, ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா அதுவே செல்லும்னும் இருக்கு. இவ ஒப்பந்தத்துல 8 மாசம்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டிருக்காங்க. அத கிளப்பினா ஓனர் அந்த வரியப் பிடிச்சுண்டே பேசுவார், பணத்தப் பத்தி பேச்சே வராது.

சுந்தரி அத்தை: நமக்கு வேண்டியது அதே பிரிவுல அடுத்த பகுதி. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, பிடிக்க வேண்டியத பிடிச்சுண்டு மீதிய தரணும். அதனால காலி பண்ணின தேதிதான் கடிதத்தோட ஆணி. சாவி என்னிக்கு குடுத்த, அதுக்கு என்ன சாட்சி?

வித்யா: 31 ஆகஸ்ட் 2025. அன்னிக்கு சாயந்திரமே "சாவி கிடைச்சுது"னு வாட்ஸ்அப்ல போட்டிருக்கார்.

சுந்தரி அத்தை: பிரமாதம். அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. பொருள எடுத்துட்டு சாவிய கைலயே வெச்சிருந்தா காலி பண்ணினதா கணக்கு வராது, அடுத்த மாச வாடகையும் கேப்பாங்க.

பெரியப்பா: நம்ம கடைக்கு வாடகை ஏத்தி நோட்டீஸ் வந்திருக்கே, அதுக்கும் இதே கடிதம் போதுமா?

கார்த்தி: பெரியப்பா, இது அட்வான்ஸ் திரும்பக் கேக்கற கடிதம் 😅

சுந்தரி அத்தை: அண்ணா, அது வேற விஷயம். நோட்டீஸ் போட்டோவ தனியா அனுப்புங்க, பாக்கறேன். வித்யா, கணக்கச் சொல்லு.

வித்யா: வாடகை 15,000, அட்வான்ஸ் 1,20,000. செப்டம்பர் 10 அன்னிக்கு 40,000 ஜிபேல அனுப்பினார். ஈபி என் பங்கு 1,140. வாஷ்பேசின் குழாய் உடைஞ்சிருந்தது, 650. அவர் இன்னும் பெயின்டிங்குக்கு 15,000, பெட்ரூம் சுவருக்கு 8,000 பிடிக்கணும்கறார்.

சுந்தரி அத்தை: ஈபி எப்படி போட்ட?

வித்யா: போகும்போது மீட்டர போட்டோ எடுத்தேன். ரெண்டு மாச பில் வந்ததும் மொத்த யூனிட்ல என் யூனிட் எவ்வளவோ அந்த விகிதத்துல பிரிச்சேன்.

சுந்தரி அத்தை: அதுதான் சரி. தமிழ்நாட்டு ஈபி கட்டணம் படிப்படியா ஏறறதால வெறும் யூனிட்ட ஒரு ரேட்டால பெருக்கினா தப்பா வரும். குழாய் 650-ஐ நீயே ஒத்துக்கோ. சட்டத்தோட இரண்டாம் அட்டவணைல குழாய் மாத்தறது வாடகைக்கு இருக்கறவங்க பொறுப்பு. நீயே கழிச்சு கணக்கு காட்டினா மீதிய மறுக்கறது கஷ்டம்.

முரளி சித்தப்பா: பெயின்டிங் ஒரு மாச வாடகை பிடிக்கறது சென்னைல எங்கயும் வழக்கம்தான். அத விட்டுடலாம்.

சுந்தரி அத்தை: வழக்கம் வேற, ஒப்பந்தம் வேற. அதே அட்டவணைல வெள்ளையடிக்கறதும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கறதும் ஓனர் பக்கம்தான் இருக்கு. ஒப்பந்தத்துல ஏதாவது எழுதியிருக்கா?

வித்யா: இல்ல. குடி போகும்போது வாய்மொழியா சொன்னார், நாங்க தலையாட்டினோம்.

முரளி சித்தப்பா: அப்ப ஒத்துண்ட மாதிரிதானேக்கா!

சுந்தரி அத்தை: அது வாதத்துக்குரியதுதான். இப்ப முழுசா கேக்கட்டும். பேச்சுவார்த்தைனு வந்தா கொஞ்சம் இறங்கறதா வேணாமானு அவளே முடிவு பண்ணிக்கட்டும். சுவர் என்ன கதை?

வித்யா: மேல் மாடி பாத்ரூமுக்கு நேர் கீழ, கூரைலேர்ந்து இறங்கி பெயின்ட் உப்பி உரியுது. 12 நவம்பர் 2024-லயே போட்டோவோட அவருக்கு அனுப்பியிருக்கேன்.

சுந்தரி அத்தை: மேலேர்ந்து கீழ இறங்கற கறை, உப்பின பெயின்ட், உப்புப் பூத்த சிமென்ட், இதெல்லாம் குழாய்க் கசிவோட அடையாளம். ஆள் அழுக்காக்கினா கை படற உயரத்துல கறை இருக்கும், சுவிட்ச் பக்கத்துல இருக்கும். கடிதத்துல "சுவர் நல்லா இருக்கு"னு எழுதாத, பொய்யாயிடும். எங்க, எதனால, எப்ப தெரிவிச்சேன்னு எழுது.

கார்த்தி: அக்கா, "வக்கீல வெச்சு பாத்துக்கறேன்"னு கடைசில ஒரு வரி போடு.

சுந்தரி அத்தை: வேண்டாம்டா. தேதி போட்டாலே போதும். இப்படி எழுதும்மா:

*6 அக்டோபர் 2025*
*ஐயா,*
*வில்லிவாக்கம் வீட்டு முதல் மாடியின் வாடகை ஒப்பந்தப்படி முன்பணமாக ரூ. 1,20,000 தங்களிடம் செலுத்தியுள்ளேன். 31 ஆகஸ்ட் 2025 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். சாவி பெற்றதை அன்றே செய்தி மூலம் உறுதி செய்தீர்கள். ஆகஸ்ட் வரை வாடகை பாக்கி இல்லை.*
*வீடு வழக்கமான பயன்பாட்டுத் தேய்மானத்தைத் தவிர சேதமின்றி ஒப்படைக்கப்பட்டது. வாஷ்பேசின் குழாய் ஒன்று உடைந்திருந்தது, அதற்கான ரூ. 650-ஐ ஏற்கிறேன். படுக்கையறைச் சுவரின் ஈரக்கசிவு மேல்மாடிக் குளியலறையிலிருந்து இறங்குவது. இதை 12 நவம்பர் 2024 அன்று படத்துடன் தங்களுக்குத் தெரிவித்திருந்தேன். எனவே சுவருக்கான ரூ. 8,000-ஐயும், ஒப்பந்தத்தில் இல்லாத பெயின்டிங் செலவு ரூ. 15,000-ஐயும் கழிப்பதை ஏற்க இயலாது.*
*முன்பணம் 1,20,000. கழிப்பது: மின்கட்டணம் 1,140, குழாய் 650. தர வேண்டியது 1,18,210. செப்டம்பர் 10 அன்று பெற்றது 40,000. மீதி ரூ. 78,210.*
*தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம், 2017, பிரிவு 11 காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 21 அக்டோபர் 2025-க்குள் இத்தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.*
*இணைப்பு: ஒப்பந்த நகல், படங்கள், மின்கட்டண ரசீது.*

வித்யா: சூப்பர் அத்தை. ஒப்பந்தத்துல ஓனரோட அம்மா பேர்தான் இருக்கு, ஆனா பேசறது எல்லாம் அவர்தான்.

சுந்தரி அத்தை: அப்ப கடிதம் அம்மா பேருக்கு, நகல் அவருக்கு. ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டவங்களுக்கு அனுப்பலனா "எனக்கு வரவே இல்ல"னு சொல்லிடலாம். "ஐயா"வ "அம்மையீர்"னு மாத்து. சாவி பெற்றதா சொன்னது மகன், அதனால "தங்கள் மகன் உறுதி செய்தார்"னு எழுது. சுவர் செய்தியும் அவருக்குத்தானே போச்சு, அங்கயும் "தங்கள் மகனுக்கு"னு போடு.

கார்த்தி: ரிஜிஸ்டர்டு போஸ்ட்ல போடணுமா?

சுந்தரி அத்தை: அது இப்ப ஸ்பீட் போஸ்டோட சேர்ந்துடுச்சு. ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரிக்கான அத்தாட்சியும் கேட்டு வாங்கு. அதே கடிதத்த பிடிஎஃப்பா வாட்ஸ்அப்லயும் அனுப்பு, ரெண்டு நீலக் குறி வந்ததும் ஸ்கிரீன்ஷாட்.

முரளி சித்தப்பா: ஒரிஜினல் ஒப்பந்தத்தத் திருப்பிக் குடுக்கச் சொல்றாரே?

சுந்தரி அத்தை: பணம் கைக்கு வர வரைக்கும் குடுக்காத. நகல் போதும். இன்னொன்னு, அந்த 40,000 வந்தப்ப பதிலுக்கு என்ன எழுதின?

வித்யா: "received, thank you"

சுந்தரி அத்தை: பரவாயில்ல. அடுத்த தவணை வந்தா "இத்தனை வந்தது, மீதி இத்தனை"னு எழுது. முழுசா வராம "கணக்கு முடிஞ்சுது"னு எதுலயும் கையெழுத்து போடாத.

முரளி சித்தப்பா: 21-ஆம் தேதிக்கும் தரலனா? வாடகை ஆணையரா, சிவில் கோர்ட்டா?

சுந்தரி அத்தை: இவ ஒப்பந்தம் tenancy.tn.gov.in-ல பதிவு ஆகல, அதுதான் சிக்கல். எங்க போறதுன்னு வக்கீல் ஒப்பந்தத்தப் பாத்துட்டுத்தான் சொல்லணும். பணத்துக்கு வழக்கு போட பொதுவா 3 வருஷம் இருக்கு, அவசரப்பட வேண்டாம்.

பெரியப்பா: சுந்தரி, நோட்டீஸ் போட்டோ அனுப்பிட்டேன். மங்கலா இருக்குனு சொல்லாத, என் போன் அவ்வளவுதான்.